ஆயிடைகளை ஒன்றுசேர்த்தலும் ஒரே நேர நிகழ்வுகளை எண்ணுதலும்

மாணவர்களே, கொழும்பிலிருந்து களனி கங்கையைக் கடந்ததும் வருவது பேலியகொடை. முன்பு புறக்கோட்டையில் இருந்த மொத்த மீன் வியாபாரம் இப்போது இங்குள்ள மத்திய மீன் சந்தையில் நடைபெறுகின்றது. நாம் உறங்கும் நேரத்தில்தான் அங்கு மீன் லொறிகள் வந்து இறக்கிவிட்டுப் போகின்றன. அத்தகைய ஓர் இடத்தைப் பொறுப்பாகப் பார்ப்பவருக்கு இரண்டு கேள்விகள் எழும். எந்த நேரத்தில் ஒரு லொறியும் இல்லாமல் தளத்தைக் கழுவலாம்? எத்தனை தரிப்பிடங்கள் போதும்? கேள்விகள் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றுக்குரிய முறைகள் வேறு.

விளக்கத்துக்காக நாமே எடுத்துக்கொண்ட ஐந்து லொறிகளின் நேரங்களை நோக்குக. எல்லாம் அதிகாலை நேரங்கள்.

அ : 1.00 – 2.00
ஆ : 1.30 – 4.00
இ : 2.00 – 3.00
ஈ : 3.30 – 4.30
உ : 5.00 – 6.00

இவை வந்த நேரப்படி ஏறுவரிசையில் உள்ளன. வினாத்தாளில் கலைத்துத் தந்திருந்தால் முதலில் இவ்வாறு வரிசைப்படுத்த வேண்டும். வரிசைப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு லொறியையும் மற்ற எல்லாவற்றுடனும் ஒப்பிட நேரிடும். 5 லொறிகளுக்கு 10 ஒப்பீடுகள் என்பது பெரிதல்ல. 200 லொறிகளுக்கு அது 19,900 ஆகிவிடும். வரிசைப்படுத்திய பின்னரோ, அடுத்து வருவது முந்தியவற்றுக்கு முன்னர் தொடங்க முடியாது. ஆகவே கையிலுள்ள கடைசித் தொகுதியுடன் மட்டும் ஒப்பிட்டால் போதும்.

முதலாவது கேள்வியை எடுப்போம். 1.00 – 2.00 என்று தொடங்குங்கள். ஆ வருவது 1.30 இற்கு, அது 2.00 இற்கு முன்னர். எனவே இரண்டும் சேர்ந்து 1.00 – 4.00 ஆகும். அடுத்தது இ. இதுவும் உள்ளே அடங்குகின்றது. ஆனால் அது 3.00 இற்கே போய்விடுகின்றது. இங்கேதான் பலர் தவறு விடுவர். கடைசியாக வந்த லொறியின் முடிவு நேரம் என்று 3.00 ஐ எழுதிவிடுவர். எழுதினால், 3.30 இற்கு வரும் ஈ புதிய தொகுதியாகி, 3.00 முதல் 3.30 வரை தளம் வெறுமை என்ற விடை வரும். அதை நம்பித் தண்ணீர்க் குழாயுடன் கழுவப் போகிறவர் அங்கே ஆ இன்னும் மீன் இறக்கிக்கொண்டிருப்பதைக் காண்பார்! இரண்டு முடிவு நேரங்களில் பெரியதையே எடுக்க வேண்டும். ஆகவே 4.00 மாறாது. பின்னர் ஈ சேர்ந்து 4.30 ஆகின்றது. உ வருவது 5.00 இற்கு, அது 4.30 ஐத் தாண்டிவிட்டதால் புதிய தொகுதி.

விடை: 1.00 – 4.30, 5.00 – 6.00. கழுவக்கூடிய இடைவேளை 4.30 முதல் 5.00 வரை. தளத்தில் லொறி நின்ற மொத்த நேரம் 4½ மணி. ஐந்து லொறிகளின் நேரங்களையும் வெறுமனே கூட்டினால் 6½ மணி வரும். ஒரே நேரத்தை இருமுறை எண்ணியதால் வந்த மிகை அது.

ஆனால் இந்த விடையைப் பார்த்து எத்தனை தரிப்பிடம் வேண்டும் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஒன்றுசேர்த்தபோது எண்ணிக்கை மறைந்துவிட்டது. ஆகவே வேறு வழி.

நேரங்களை எண்கோட்டில் குறித்து, அடிமட்டத்தை நிலைக்குத்தாக வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். லொறி வரும் புள்ளியில் 1 ஐக் கூட்டுங்கள். போகும் புள்ளியில் 1 ஐக் கழியுங்கள். இடையில் எண்ணிக்கை மாறாது, ஆதலால் அந்தப் புள்ளிகளில் மட்டும் நின்றால் போதும். 1.00 இல் 1, 1.30 இல் 2. பின்னர் 2.00. இங்கு அ போகின்றது, இ வருகின்றது. எதை முதலில் எண்ணுவது?

போவதை முதலில் எண்ணினால் 1, பிறகு 2. வருவதை முதலில் எண்ணினால் 3, பிறகு 2. இதைத் தீர்மானிப்பது கணக்கு அல்ல, தளத்தின் நிலைமை. அ வெளியேறிய பின்னரே இ நுழையுமாயின் 2 தரிப்பிடங்கள் போதும். அ நகர முன்னரே இ உள்ளே வந்து நிற்குமாயின் 3 வேண்டும். வினாவில் இது சொல்லப்பட்டிருக்கின்றதா என்று தேடுங்கள். இல்லையெனில் நீங்கள் கொண்ட எடுகோளை விடைக்கு மேலே ஒரு வரியில் எழுதுங்கள்.

மீதி இலகு: 3.00 இல் 1, 3.30 இல் 2, 4.00 இல் 1, 4.30 இல் 0, 5.00 இல் 1, 6.00 இல் 0. கடைசி எண் 0 ஆக வராவிட்டால் எங்கோ ஒரு லொறியின் வருகையோ புறப்பாடோ விடுபட்டுள்ளது. 4.30 இற்கும் 5.00 இற்கும் இடையே 0 நிற்பதையும் அவதானிக்குக. முதல் முறையில் கண்ட அதே இடைவேளைதான்.

இரவு 11.30 இற்கு வரும் லொறியும் இருந்தால் கவனம் தேவை. அப்படியே வரிசைப்படுத்தினால் 1.00 முதலில் நின்று, 11.30 கடைசிக்குப் போய்விடும். அதனை 23.30 என்றும், நள்ளிரவுக்குப் பிந்திய நேரங்களுக்கு 24 ஐக் கூட்டி 25.00, 25.30 என்றும் எழுதிய பின்னரே வரிசைப்படுத்துக.