வினாவுக்கு முந்திய விடை

செயல்திட்டம் ஒன்றை அவையில் வழங்குவதற்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் பத்து நிமிடங்களே. அதற்குள் செய்த பணி முழுவதையும் காட்டிவிட இயலாது. முதன்மைப் படவில்லைகளில் இடம்பெறாதவற்றுள் தேர்வாளர் கேட்கக்கூடியவற்றைத் தேர்ந்து, 'நன்றி' என்னும் இறுதிப் படவில்லைக்குப் பின் வைப்பது வழக்கம். இவையே பின்னிணைப்புப் படவில்லைகள். உரிய வினா எழுந்தால் மட்டுமே இவை திரைக்கு வரும்.

ஐயங்களைத் திரட்டுதல்

மாணவர் குழு ஒன்று, கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் அதன் கடினத்தன்மை எவ்வளவு குறையும் என ஆராய்ந்ததாகக் கொள்வோம். 50 மி.லி. நீரை 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலால் தரம் பார்த்தபோது, கொதிக்கும் முன் 24.0 மி.லி. கரைசலும், கொதித்து வடிகட்டிய பின் 19.5 மி.லி. கரைசலும் செலவாயின. இவ்வளவீட்டில் செலவான ஒவ்வொரு மி.லி. கரைசலும் லிட்டருக்கு 20 மி.கி. கடினத்தன்மையைக் குறிக்கும். எனவே கடினத்தன்மை 480 மி.கி.யிலிருந்து 390 மி.கி.யாகக் குறைந்தது என்று குழு தன் படவில்லையில் எழுதியது.

ஐயங்கள் பிறக்கும் இடங்கள் மூன்று. எண்ணைக் கண்டால் 'இஃது எவ்வாறு கிடைத்தது?' என்றும், முடிவைக் கண்டால் 'இதற்கு வேறு காரணம் இருக்கலாகாதா?' என்றும், முறையைக் கண்டால் 'ஏன் இம்முறை?' என்றும் தேர்வாளர் கேட்பார். தம் படவில்லைகளை ஒவ்வொன்றாக இக்கண்ணோடு நோக்கிய குழு நான்கு ஐயங்களை எழுதிக்கொண்டது. தாங்கல் கரைசல் ஏன் சேர்க்கப்பட்டது? அளவீடு எத்தனை முறை செய்யப்பட்டது? கொதிக்கும்போது ஆவியாகிப் போன நீர் கணக்கில் கொள்ளப்பட்டதா? ஒரு கிணற்றின் நீர் ஊர் முழுவதற்கும் சான்றாகுமா?

தேர்ந்தெடுத்தல்

எல்லா ஐயங்களுக்கும் படவில்லை வேண்டுவதில்லை. கரைசலின் பிஎச் மதிப்பை 10 அளவில் நிலைநிறுத்தவே தாங்கல் கரைசல் சேர்க்கப்படுகிறது. அம்மதிப்பில்தான் நிறங்காட்டி சிவப்பிலிருந்து நீலமாகத் தெளிவுற மாறும். இதனை வாய்மொழியாகவே கூறிவிடலாம். நான்காம் வினாவுக்குக் குழுவிடம் தரவே இல்லை. 'ஒரு கிணற்றையே ஆராய்ந்தோம். முடிவு அதற்கு மட்டுமே பொருந்தும்' என்பதே அதற்கு நேரிய விடை. இல்லாத தரவை இருப்பதுபோல் காட்டும் படவில்லை அடுத்த வினாவிலேயே குலைந்துவிடும்.

இரண்டாம் வினாவுக்குச் சொல் போதாது. 24.1, 24.0, 24.0 என்னும் மூன்று பியூரெட் அளவீடுகளையும் கண்ணால் கண்டால்தான் ஐயம் நீங்கும். எனவே அதற்கு ஓர் அட்டவணை உரியது. காட்டினால்தான் விளங்கும் என்பதே பின்னிணைப்பில் இடம்பெறுவதற்கான தகுதி.

ஐயம் காட்டிய பிழை

மூன்றாம் வினாவுக்குப் படவில்லை ஆயத்தம் செய்ய அமர்ந்தபோதுதான் குழுவுக்குத் தன் பிழை புலப்பட்டது. கொதிக்க வைத்த நீர் 200 மி.லி.; எஞ்சியது 160 மி.லி. மட்டுமே. நீர் ஆவியானபோது கரைந்திருந்த உப்புகள் ஆவியாகவில்லை. எஞ்சிய நீரில் செறிந்து நின்றன. வாலை வடிநீர் சேர்த்து மீண்டும் 200 மி.லி. ஆக்காமல் தரம் பார்த்ததால், கொதித்த நீரின் கடினத்தன்மை மிகுதியாகத் தோன்றியது. 390 என்பதை 160 ஆல் பெருக்கி 200 ஆல் வகுத்தால் 312 கிடைக்கும். எனவே உண்மையில் நீங்கிய தற்காலிகக் கடினத்தன்மை 90 அன்று, 168 மி.கி.

குழு ஆய்வை மீண்டும் செய்தது. இம்முறை கொதித்து வடிகட்டிய நீரை 200 மி.லி. ஆக்கித் தரம் பார்த்தபோது 15.6 மி.லி. கரைசல் செலவாயிற்று, கணக்கும் அளவீடும் ஒத்தன. முதன்மைப் படவில்லையில் எண் திருத்தப்பட்டது; இரு அளவீடுகளின் ஒப்பீடு பின்னிணைப்பில் சேர்ந்தது.

அமைப்பும் பயன்பாடும்

ஒரு படவில்லை ஓர் ஐயத்துக்கு மட்டுமே விடை தர வேண்டும். 'கூடுதல் தரவு' என்று பொதுவாகத் தலைப்பிடுவதினும், 'ஆவியான நீர் ஈடுசெய்யப்பட்டது' என விடையையே தலைப்பாக்குவது நன்று. அவையின் முன் படவில்லைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடுவது நேரத்தை வீணாக்கும். பவர்பாயிண்டில் காட்சி ஓடும்போதே படவில்லையின் எண்ணைத் தட்டி Enter விசையை அழுத்தினால் அப்படவில்லை நேரே தோன்றும். ஆகவே வினாவையும் அதற்குரிய எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருத்தல் வேண்டும். விடை முடிந்ததும் முதன்மை முடிவைக் காட்டும் படவில்லைக்கே திரும்பிவிடலாம்.

அவையில் அந்த வினா எழாமலே போகலாம். பின்னிணைப்பு திரைக்கு வராமலே இருக்கலாம். ஆயினும் 90 என்னும் பிழையான எண்ணுக்கு மாறாக 168 என்னும் எண் அவையேறியது அதனால்தான்.