எண்சுவடியும் பெட்டியடியும்

பழைய கல்வி முறை என்று பேச்செடுத்தால் போதும், கேட்பவர் உடனே இரு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றனர். ஒரு சாரார் அது வெறும் மனப்பாடம் என்கின்றனர். மற்றொரு சாரார், இன்றைய பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு கூடத் தெரியவில்லையே என்று வருந்துகின்றனர். எதை மனப்பாடம் செய்தார்கள், அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்று இருவருமே கேட்பதில்லை. கணக்கு என்னும் ஒரே பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

1822ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, தம் ஆட்சிக்குட்பட்ட மாவட்டங்களில் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பேர் படிக்கின்றனர் என்று கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். தமிழ்ப் பகுதிகளில் இவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். ஒரே ஆசிரியர், மணலில் விரலால் எழுதத் தொடங்கி ஓலைக்கு ஏறும் மாணவர்கள், இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டைச் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் கண்டு, 1797இல் இலண்டனில் நூலாக எழுதினார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. வகுப்பறைக் கல்வி மேற்கிலிருந்து நமக்கு வந்த கதையை அறிவோம். திண்ணையிலிருந்து ஒரு முறை கப்பலேறி மேற்கே போன இந்தக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இப்பள்ளிகளின் கணக்குப் பாடம் மூன்று சுவடிகளில் அடங்கும். பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் படிப்படியாகக் கூட்டிச் செல்வது. நெல்லிலக்கம் செவிடு, ஆழாக்கு, உழக்கு என்று தொடங்கிக் கலம் வரை ஏறும் முகத்தலளவை. எண்சுவடி பெருக்கல் வாய்ப்பாடுகளின் தொகுப்பு. முழு எண்களுக்கு இருந்தது போலவே பின்னங்களுக்கும் அதில் தனித்தனி வாய்ப்பாடுகள் இருந்தன. நம்மைத் திகைக்க வைப்பது இந்தப் பின்ன வாய்ப்பாடுதான்.

தமிழில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அரை, கால், அரைக்கால், வீசம் என்று இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டு போகும் வரிசை ஒன்று. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. இருபதில் ஒரு பங்கான மா, அதன் பாதியான அரைமா, எண்பதில் ஒரு பங்கான காணி என்று இறங்கி, 320இல் ஒரு பங்கான முந்திரியில் நிற்கும் வரிசை மற்றொன்று. ஒரு மாணவன் முன்னே சொல்ல, மற்றவர் பின்னே சொல்லச் சொல்ல இவை நாவில் பதிந்தன. அரைக்காலும் அரைமாவும் சேர்ந்தால் மும்மா என்பது அவனுக்குக் கணக்கு அன்று; இரண்டும் இரண்டும் நான்கு என்பது போன்ற ஒரு செய்தி.

இதன் பயனை ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் உணர முடியும். ஒருவர் 360 ரூபாய் கடன் வாங்குகிறார். மாதம் நூற்றுக்கு முக்காலே அரைக்கால் வட்டி, அதாவது எட்டில் ஏழு பங்கு ரூபாய். ஐந்து மாதத்துக்கு வட்டி எவ்வளவு?

எண்சுவடி படித்தவன் தொகையை முந்நூறு, அறுபது என்று இரண்டாகப் பிரிப்பான். நூற்றுக்கு முக்காலே அரைக்கால் என்றால் முந்நூற்றுக்கு இரண்டரையே அரைக்கால். இருபது ரூபாய் என்பது நூறில் நாலுமா, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அதற்குரிய வட்டி மும்மாவே அரைமா. அறுபதுக்கு அதைப் போல் மும்மடங்கு, அரையே அரைமா. இப்போது இரண்டையும் கூட்ட வேண்டும். இரண்டரையும் அரையும் மூன்று. மீதமுள்ள அரைக்காலும் அரைமாவும் மும்மா. ஆக, ஒரு மாத வட்டி மூன்றே மும்மா. ஐந்து மாதத்துக்கு மூவைந்து பதினைந்து. மும்மாவை ஐந்தால் பெருக்கினால் பதினைந்து மா, அதுவே முக்கால். விடை பதினைந்தே முக்கால் ரூபாய். காகிதமும் எழுதுகோலும் வேண்டியதில்லை.

இன்றைய பள்ளி மாணவன் இதையே வேறு விதமாகச் செய்வான். மாதம் எட்டில் ஏழு பங்கு என்பதை ஆண்டுக்கு 10.5 சதவீதம் என மாற்றுவான். 360ஐ 10.5ஆல் பெருக்கி நூறால் வகுத்து, ஆண்டு வட்டி 37.80 என்று காண்பான். அதைப் பன்னிரண்டால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் அதே 15.75 கிடைக்கும். இந்த வழிக்கு எந்தப் பின்னமும் அந்நியமன்று. 360க்குப் பதில் 3,617 ரூபாய், ஐந்து மாதத்துக்குப் பதில் 143 நாட்கள் என்றாலும் வழி மாறாது. எண்சுவடிக்காரனுக்கு அங்கே மூச்சு வாங்கும்.

எனினும் முன்னவனிடம் உள்ள ஒன்று பின்னவனிடம் பல நேரங்களில் இருப்பதில்லை. எண்சுவடிக்காரன் கணக்கைத் தொடங்கும்போதே விடையின் எல்லையை அறிவான். நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஆகவே மாதத்துக்கு மூன்றரைக்குச் சற்றே கூடவோ குறையவோ இருக்கும். ஐந்து மாதத்துக்குப் பதினெட்டைத் தாண்ட வழியில்லை. யாராவது நூற்றைம்பத்தேழு ரூபாய் என்று சொன்னால் அவன் சிரித்துவிடுவான். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனதால் 157.50 என்று திரையில் தோன்றும் விடையை, பட்டம் பெற்று வங்கிக்குப் புதிதாக வருவோர் சிலர் கண் இமைக்காமல் எழுதிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். சூத்திரம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். விடை எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற உணர்வுதான் வளரவில்லை.

திண்ணையில் கற்ற கணக்கு தொழிலாக முதிர்ந்த இடங்களுள் ஒன்று நகரத்தாரின் வட்டிக் கடை. பர்மாவிலும் மலாயாவிலும் அவர்கள் நடத்திய கிட்டங்கிகளில் ஒரு சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பணப்பெட்டியின் அடியில் அமர்பவன் என்பதால் அந்தப் பெயர். ஏவிய வேலையைச் செய்வான், ரொக்கத்தை எண்ணுவான், மேலே உள்ளவர் கணக்கு எழுதுவதைப் பார்த்திருப்பான். அடுத்த படி அடுத்தாள். அதற்கும் மேலே, முதலாளியின் சார்பில் கடையையே நடத்தும் மேலாள். வேலை பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தம். அது முடிந்ததும் ஊர் திரும்பி, மீண்டும் அடுத்த கணக்குக்குப் புறப்படுவார்கள்.

இந்தப் பயிற்சியில் பாடவேளை என்று ஏதும் இல்லை. குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு எப்படி ஏற்றுவது, ஐந்தொகை எப்படி எடுப்பது என்பதை யாரும் முன்கூட்டி விளக்குவதும் இல்லை. ஏடுகள் கண்ணெதிரே நிரம்பும். தேவை வந்தபோது அவனே எழுதுவான். கடன் கேட்டு வருபவரிடம் மேலாள் எதைக் கேட்கிறார், எதைக் கேட்காமலே தெரிந்துகொள்கிறார் என்பதும் அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டாவது பாடத்தை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்க முடியாது. கல்லூரியில் நான் வணிகவியல் படித்தபோது பற்று, வரவு விதிகளை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டேன். கடன் கேட்பவரின் முகத்தை வாசிக்கக் கிளையில் மூத்த அதிகாரி ஒருவரின் அருகில் சில ஆண்டுகள் இருக்க வேண்டியிருந்தது.

தவறுக்குரிய விலையும் இரு முறைகளிலும் வேறு. வகுப்பறையில் தவறான கணக்குக்கு மதிப்பெண் குறையும். மறுநாள் அடுத்த பாடம் தொடங்கிவிடும். பெட்டியடியில் ரொக்கம் பொருந்தாவிட்டால் அது உண்மையான பணம். அதைக் கண்டுபிடிக்காமல் நாள் முடியாது. எங்கே பிசகியது என்று பின்னோக்கித் தேடிச் செல்லும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் அதே காரணத்தால், புதியதொன்றைச் செய்து பார்க்கும் துணிவு அங்கே குறைவு. தவறு செய்ய இடம் கொடுப்பது வகுப்பறையின் பெரிய கொடை என்றே நான் கருதுகிறேன்.

பழைய முறையின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. மன்றோ காலத்துக் கணக்கெடுப்பிலேயே பெல்லாரி ஆட்சியர் கேம்பல் 1823இல் அதைச் சுட்டினார். பேச்சு வழக்கில் இல்லாத செய்யுள்களைப் பிள்ளைகள் பொருள் அறியாமல் ஒப்பிக்கின்றனர் என்பது அவர் குறை. பெண் குழந்தைகள் அப்பள்ளிகளில் மிகச் சிலரே. அன்று கடைநிலையில் வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணை எட்டாத உயரம். பெட்டியடி இன்னும் குறுகியது. உறவினர், ஊரார், ஒரே சமூகத்துப் பையன்களுக்கே அது திறந்திருந்தது. என் கிளையில் இன்று பணம் எண்ணும் முகப்பில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோருக்கு அந்தக் கிட்டங்கியின் வாயிலைத் தாண்டக்கூட வழி இருந்திராது. பொதுப் பள்ளியும் போட்டித் தேர்வும்தான் அவர்களை இங்கே கொண்டுவந்தன.

மற்றொரு குறை வெளிப்பட நெடுங்காலம் ஆயிற்று. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. பதினாறு அணாவுக்கு இயல்பாகப் பொருந்திய வீசத்துக்கு இப்போது ஆறேகால் பைசா. அதைத் தர நாணயம் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் எடையும் அளவும் வந்து, ஆழாக்கையும் மரக்காலையும் கடைகளிலிருந்து அப்புறப்படுத்தின. ஆண்டுக்கணக்கில் ஓதிப் பதித்தவை சந்தையில் செல்லாமற் போயின. வாய்ப்பாட்டை மட்டும் அறிந்தவர் திணறினர். வாய்ப்பாடு எப்படி உருவாகிறது என்பதை அறிந்தவர் ஒரு வாரத்தில் மாறிக்கொண்டிருப்பார். கூட்டு வட்டியும் அத்தகையதே. மாதம் ஒரு சதவீதம் வட்டியை மாதந்தோறும் அசலோடு சேர்த்தால் ஆண்டு முடிவில் பன்னிரண்டு சதவீதம் ஆகாது, 12.68 ஆகும். ஏன் என்று எந்த ஓதலும் சொல்லாது. அதற்குக் கரும்பலகை வேண்டும்.

இன்று வங்கிகளில் புதிதாகச் சேர்வோர் பயிற்சிக் கல்லூரியில் சில வாரங்கள் பாடம் கேட்டுவிட்டு, பின்னர் கிளைகளில் மூத்தவர்களுக்குப் பக்கத்தில் அமர்கின்றனர். முதல் பாதி வகுப்பறை. இரண்டாம் பாதி ஏறக்குறைய பெட்டியடி. ஓதல் மட்டும் எங்கும் இல்லை. எங்கள் கிளையில் பயிற்சிக்கு வருவோரிடம் நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே: கணினியில் வட்டியைக் கேட்கும் முன், அது எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையில் இருக்கும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட வேண்டும். முதல் வாரத்தில் அவர்கள் எழுதும் எல்லைகள் நகைப்புக்குரியவை. மூன்றாம் மாதத்தில் திரையில் வரும் பிழையை அவர்களே பிடித்துவிடுகின்றனர்.

வாடிக்கையாளர்களிடம் அந்த நிபந்தனை தேவைப்படுவதில்லை. நகைக்கடன் வேண்டி வரும் மூதாட்டிகள் பலர் அறிவிப்புப் பலகையில் உள்ள சதவீதத்தைப் படிப்பதில்லை. ‘எத்தனை பைசா வட்டி?’ என்றே கேட்கின்றனர். ஒன்பது சதவீதம் என்றால் முகத்தில் மாற்றமில்லை. ‘முக்கால் ரூபாய் வட்டி, அம்மா’ என்றால், நாற்பதாயிரத்துக்கு மாதம் முந்நூறு என்று நான் விசைப்பலகையைத் தொடும் முன்பே அவர்கள் சொல்லிவிடுகின்றனர்.