எட்டு மணிதான், எட்டு மணிக்குத்தான்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறார் ஒருவர். ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அங்கேயே தங்கிவிடும் எண்ணம். எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். ‘இரண்டு வருஷம்தான்’ என்று மனதில் தமிழ் ஓடுகிறது. அந்தத் ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘நூர்’ என்ற சொல்லைப் போட்டு ஜெர்மனில் சொல்கிறார். வீட்டுக்காரர் காதிலோ அது ‘மொத்தமே இரண்டு வருஷம்தான் இங்கே இருப்பேன்’ என்று விழுகிறது. சீக்கிரம் காலி செய்யப் போகிறவர் என்று அவர் நினைத்துக்கொண்டால் அது அவர் குற்றமில்லை.

சொல்லியிருக்க வேண்டியது ‘ஏர்ஸ்ட்’. நூர் கணக்கை முடித்துவிடும். ஏர்ஸ்ட் கணக்கைத் திறந்தே வைத்திருக்கும். புத்தகத்தில் மூன்று பக்கம் படித்திருக்கிறேன் என்பதில் ஏர்ஸ்ட் சேர்த்தால், மீதியையும் படிக்கப் போகிறேன் என்று பொருள். நூர் சேர்த்தால், படித்ததே அவ்வளவுதான். ‘முதல்’ என்பதற்கான ஜெர்மன் சொல்லும் ஏர்ஸ்டும் ஒரே வேரில் பிறந்தவை. முதலில் இவ்வளவு, பிறகு இன்னும் வரும் என்ற தொனி அதனால்தான் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் வாக்கியத்தில் ‘இதுவரை’ பொருந்தினால் ஏர்ஸ்ட், ‘மொத்தமே’ பொருந்தினால் நூர் என்று பிடித்துக்கொள்ளலாம்.

ஏர்ஸ்ட் மாணவர்களைக் குழப்புவது வேறோர் இடத்தில். இப்போது மணி என்ன என்பதோடு அது வந்தால், நினைத்ததைவிட நேரம் குறைவு: ‘மணி எட்டுதான் ஆகிறது’, அவசரமில்லை. பேருந்து வரும் நேரத்தோடு வந்தால் நேர்மாறு: ‘எட்டு மணிக்குத்தான் வரும்’, அதுவரை காத்திருக்க வேண்டும். ஒரே சொல் ஓரிடத்தில் சீக்கிரத்தையும் இன்னோரிடத்தில் தாமதத்தையும் எப்படிச் சொல்கிறது என்று பலர் திகைப்பார்கள். தமிழர் திகைக்க வேண்டியதில்லை. நம் ‘தான்’ இந்த இரண்டு வேலையையும் தினமும் செய்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது ‘ஷோன்’. அதை மணியோடு சொன்னால் ‘எட்டு ஆகிவிட்டதே’, பேருந்தோடு சொன்னால் ‘எட்டு மணிக்கே வந்துவிடும்’. தமிழ் இங்கே ‘விடு’, ‘ஏ’ இரண்டையும் கொண்டு சொல்வதை ஜெர்மன் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கிறது.

‘நொஹ்’ நம் ‘இன்னும்’ போலத்தான். ஆனால் மறுப்பில் கவனம் வேண்டும். ஷோன் போட்டு ‘வந்துவிட்டாரா?’ என்று கேட்டால், இல்லை என்ற பதில் நொஹ்ஷைக் கொண்டு வரும்: ‘நொஹ் நிஹ்ட்’, இன்னும் வரவில்லை. நொஹ் போட்டு ‘இன்னும் இருக்கிறாரா?’ என்று கேட்டால், பதிலில் நொஹ் மறைந்து ‘நிஹ்ட் மேர்’ வரும்: இப்போது இல்லை, போய்விட்டார். வராதவருக்கும் போனவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு பதில்களில்தான் இருக்கிறது.