பத்தாவது படத்துக்கு எத்தனை குச்சி?

படிவம் 2 கணிதத்தின் முதல் பாடம் ‘போலா டான் ஜுஜுக்கான்’. தமிழ்ப்பள்ளியில் எண் தோரணி என்று படித்தோமே, அதேதான், கொஞ்சம் வளர்ந்து வந்திருக்கிறது.

சுங்கைப் பட்டாணியில் நான் நடத்தும் மாலை வகுப்பில் இதற்கென ஒரு தாள் கொடுப்பேன். முதல் படத்தில் தீக்குச்சிகளால் ஆன ஒரு சதுரம். இரண்டாவதில் அதை ஒட்டி இன்னொன்று. மூன்றாவதில் மூன்று. குச்சிகளை எண்ணினால் 4, 7, 10 என்று வரும். ஐந்தாவது படத்துக்கு 16 என்பதை எல்லாரும் சொல்லிவிடுவார்கள்.

பத்தாவதுக்கு? பலர் 16-ஐ இரட்டித்து 32 என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. ஐந்து சதுர வரிசைகள் இரண்டை மேசையில் அடுக்கி ஒட்ட வைக்கச் சொல்வேன். சேரும் இடத்தில் இரண்டு குச்சி ஒன்றாகக் கிடக்கும். ஒன்றை எடுத்தாக வேண்டும். விடை 31.

இன்னொரு பிழை, ‘மூன்று மூன்றாகக் கூடுகிறது, அதனால் n + 3’ என்பது. n = 1 என்றால் 4 வருகிறது, சரியாகவே இருக்கிறது! அதுதான் ஏமாற்றும். n = 2 என்றால் 5; படத்திலோ 7. எந்த விதியையும் ஒரு படத்தோடு மட்டும் சோதித்து விட்டுவிடாதீர்கள்.

தோட்டத்து லயன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். பத்து வீட்டுக்குக் குறுக்குச் சுவர் 11. நம் சதுரங்களும் அப்படியே: நிற்கும் குச்சிகள் n + 1, மேலும் கீழும் படுத்திருப்பவை 2n. கூட்டினால் 3n + 1. முதல் குச்சியை நட்டுவிட்டு, சதுரத்துக்கு மூன்றாகச் சேர்த்தாலும் அதே 3n + 1 வரும். அந்த 1 எங்கிருந்து வந்தது என்று படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தவருக்கு விதி மறக்காது.

கேள்வியைத் திருப்பிக் கேட்பதும் உண்டு: 60 குச்சிகளால் எத்தனை சதுரம்? 3n + 1 = 60 என்றால் 3n = 59. வகுத்தால் 19.67. அதை 20 ஆக்கினால் 61 குச்சி வேண்டும், நம்மிடம் இல்லை. 19 சதுரத்துக்கு 58 போக, இரண்டு மிச்சம்.

ஆனால் 1×1, 2×2, 3×3 என்று கட்டங்களாக வளர்த்தால் 4, 12, 24 என்று வரும். வித்தியாசம் முதலில் 8, பிறகு 12. ஒரே அளவில் கூடவில்லை என்பதால், வித்தியாசத்தை n-ஆல் பெருக்கும் வழி இங்கே உதவாது. மறுபடியும் படத்தைத்தான் பார்க்க வேண்டும். படுத்திருக்கும் வரிசைகள் n + 1, ஒவ்வொன்றிலும் n குச்சி, நிற்பவையும் அவ்வளவே. ஆக 2n(n + 1). நான்காவதுக்கு 40 வருகிறதா என்று வரைந்து எண்ணிப் பாருங்கள். பத்தாவதுக்கு 220, அதை வரைய வேண்டாம்.