ஹால் டிக்கெட் வரவில்லையா? மெயிலில் என்ன எழுத வேண்டும்?

"திங்கட்கிழமை தேர்வு, ஹால் டிக்கெட் இன்னும் வரவில்லை, தயவுசெய்து உடனே அனுப்புங்கள்." தேர்வு நெருங்கும் வாரத்தில் தொலைநிலைக் கல்வி மையங்களுக்கு இப்படித்தான் மெயில் போகிறது. பதிவு எண் இருக்காது, பாடக் குறியீடு இருக்காது. படிக்கும் அலுவலர் யாருடைய விவரத்தைத் தேடுவார்?

இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை பருவத் தேர்வு நடக்கிறது. ஹால் டிக்கெட்டை இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து நாமேதான் இறக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே 'வரவில்லை' என்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். தேர்வு விண்ணப்பமே போகாமல் இருக்கலாம். வங்கியில் பணம் கழிந்தும் விண்ணப்பம் பதிவாகாமல் நின்றிருக்கலாம். அல்லது பதிவின் செல்லுபடிக் காலம் முடிந்திருக்கலாம்.

மெயிலை யாருக்கு அனுப்புவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். வகுப்பு நடக்கும் படிப்பு மையம் ஹால் டிக்கெட் வழங்குவதில்லை. தேர்வு வேலைகள் டெல்லியிலுள்ள மாணவர் மதிப்பீட்டுப் பிரிவின் பொறுப்பு. எனவே சென்னை, மதுரை போன்ற மண்டல மையத்துக்கு எழுதி, நகலை அந்தப் பிரிவுக்கு அனுப்புவது நல்லது.

திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே பி.காம். படிக்கும் ஒரு மாணவி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"பொருள்: ஹால் டிக்கெட் கிடைக்கவில்லை – டிசம்பர் தேர்வு – பதிவு எண் (…)

ஐயா / அம்மா,
BCOMG படிப்பில் BCOC-131 பாடத் தேர்வு வரும் திங்கட்கிழமை காலை நடக்கிறது. தேர்வு விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துக் கட்டணமும் செலுத்திவிட்டேன், ரசீதை இணைத்துள்ளேன். இணையதளத்தில் பதிவு எண்ணை இட்டால் விவரம் இல்லை என்று வருகிறது. அந்தத் திரைப்படமும் இணைப்பில் உள்ளது. விண்ணப்பம் பதிவாகியுள்ளதா, எனது தேர்வு மையம் எது எனத் தெரிவிக்க வேண்டுகிறேன். கைப்பேசி எண்: (…)"

பதிவு எண் பொருள் வரியிலேயே இருப்பதால் மெயிலைத் திறக்கும் முன்பே தேடத் தொடங்கிவிடலாம். கேள்வியும் 'அனுப்புங்கள்' என்று நிற்காமல், விண்ணப்பம் பதிவாகியுள்ளதா என்று குறிப்பாகக் கேட்கிறது. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசை போதும்.

ரசீது கையில் இல்லையென்றால் கட்டணம் கழிந்த நாள், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றை வங்கிக் கணக்கு விவரத்திலிருந்து எடுத்து எழுதலாம். விண்ணப்பமே அனுப்பாதவருக்கு, தாமதக் கட்டணத்துக்கான கெடுவும் முடிந்திருந்தால், மெயில் உதவாது. அடுத்த பருவத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பதில் வராமலே தேர்வு நாள் வந்துவிட்டாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். தேர்வு மையத்துக்கு அனுப்பப்பட்ட பட்டியலில் பெயர் இருந்தால், இக்னோ மாணவர் அடையாள அட்டையைக் கண்காணிப்பாளரிடம் காட்டித் தேர்வு எழுதலாம் என்று அதன் மாணவர் கையேடே சொல்கிறது. அடையாள அட்டையையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.