கால் மில்லிமீட்டர் கவசம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டுக்குடல் குழம்பு சாப்பிடுகிறோம். அந்தத் துண்டுகளில் ஆட்டின் இரைப்பையும் உண்டு. நம் இரைப்பை சில மணி நேரத்தில் அதைக் கூழாக்கிவிடுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வகைச் சதைதான். அப்படியிருக்க, ஆட்டின் இரைப்பையைக் கரைக்கிற அமிலம் நம்முடையதை ஏன் விட்டுவைக்கிறது?

லண்டனில் ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் 1772-இல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். நல்ல உடல்நிலையில் இருந்து திடீரென இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது, சிலருடைய இரைப்பை தன் சாற்றிலேயே கரைந்து ஓட்டை விழுந்திருந்தது. உயிர் இருக்கும்வரை அந்த உயிர்தான் சதையைக் காக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் கிளாட் பெர்னார்ட், ஒரு நாயின் வயிற்றில் துளை அமைத்து, உயிருள்ள தவளையின் காலை அதன் வழியாக இரைப்பைச் சாற்றுக்குள் நுழைத்து வைத்தார். தவளைக்கு உயிர் இருந்தது, கால் கரைந்துபோனது. வெறும் உயிர் போதாது, இரைப்பையிடம் தவளையின் காலில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த ஏதோ ஒன்று, இரைப்பையின் உட்சுவரில் படிந்திருக்கும் கோழைப் படலம். அதன் தடிமன் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. படலத்துக்கு மேலே, உணவு கிடக்கும் பக்கம், பி.எச். அளவு 1-இலிருந்து 2 வரை. படலத்துக்குக் கீழே, செல்களை ஒட்டிய இடத்தில், ஏறக்குறைய 7. அதாவது வெறும் தண்ணீரின் அளவு. பி.எச். ஒரு படி மாறினால் அமிலத்தின் செறிவு பத்து மடங்கு மாறும். ஆக, தலைமுடி இரண்டு மூன்றை அடுக்கிய தடிமனுக்குள் அமிலத்தின் கடுமை லட்சம் மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது.

இந்தப் படலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். மிச்சம் மியூசின் என்ற புரதம். புரத இழை ஒவ்வொன்றிலும் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்த்தியாகத் தொங்குகின்றன. அவை தண்ணீரைப் பிடித்துவைத்து, நறுக்கிய வெண்டைக்காயின் வழவழப்பைப்போல் கூழ்மமாக நிற்கின்றன. தண்ணீரும் சர்க்கரையும் அமிலத்தைத் தடுக்காது. தடுப்பது அதற்குள் ஊறியிருக்கும் பைகார்பனேட். சுவரின் மேற்பரப்புச் செல்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன.

இங்கே ஒரு புதிர் வரும். இரைப்பை அமிலத்தை முழு வேகத்தில் சுரக்கும்போது, பைகார்பனேட் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு சொற்பமான காரம் அவ்வளவு அமிலத்தை எப்படி எதிர்கொள்ள முடியும்? 1959-இல் இதற்கு விடை சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டின் நார்மன் ஹீட்லி. பெனிசிலினைப் பிரித்தெடுத்த குழுவில் இருந்த அதே ஹீட்லிதான். இரைப்பை எவ்வளவு பிசைந்தாலும், கூழ்மத்துக்குள் மாட்டிய தண்ணீர் கலங்குவதில்லை என்பதை அவர் சுட்டிக்காட்டினார். மேலேயிருந்து வரும் அமிலம் அந்த அசையாத தண்ணீரில் மெதுவாக ஊர்ந்துதான் உள்ளே வர வேண்டும். கீழேயிருந்து பைகார்பனேட்டும் அதே மெதுவில் மேலே ஊர்கிறது. இரண்டும் நடுவில் சந்தித்து, தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடுகின்றன. அதே பைகார்பனேட்டை நேராக இரைப்பைக்குள் ஊற்றியிருந்தால் ஒரு நொடியில் காணாமல் போயிருக்கும். பிறகு, 1980-களின் தொடக்கத்தில், மிக நுண்ணிய மின்முனைகளைக் கோழைப் படலத்துக்குள் செருகிப் பார்த்த ஆய்வாளர்கள், ஊசி இறங்க இறங்க பி.எச். ஏறுவதை நேரடியாகவே அளந்து காட்டினார்கள்.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் வியக்கவைப்பது பைகார்பனேட் வந்து சேரும் வழி. சுவரின் ஆழத்தில் இருக்கும் பேரைட்டல் செல், அமிலத்தின் ஒரு துகளை இரைப்பைக்குள் தள்ளும்போதெல்லாம் பின்பக்கம் ஒரு பைகார்பனேட்டை ரத்தத்தில் விடுகிறது. அங்கிருந்து கிளம்பும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நேரே மேற்பரப்புச் செல்களை நோக்கித்தான் ஏறுகின்றன. அமிலம் கூடும்போது, அதைத் தடுப்பதற்கான சரக்கும் தானாகவே கூடி மேலே போய்விடுகிறது.

கோழையின் வெளிப்புறத்தைப் பெப்சின் என்ற செரிமான நொதி ஓயாமல் அரிக்கிறது. உள்ளிருந்து புதிய கோழை வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. அதற்கு அடியில் உள்ள செல் அடுக்கு சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிறது. எங்காவது சிராய்ப்பு ஏற்பட்டால், பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து சீக்கிரமே மூடிவிடும். தப்பி உள்ளே கசியும் அமிலத்தை ரத்த ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். கோழை, பைகார்பனேட், ரத்த ஓட்டம் ஆகிய மூன்றையும் முடுக்கிவிடுவது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அதைச் செல்களே அங்கங்கே தயாரித்துக்கொள்கின்றன.

நாம் விழுங்கும் வலி மாத்திரை கைவைப்பது இந்த இடத்தில்தான். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களின் இரைப்பை சிவந்து கசிவதை, லண்டன் மருத்துவர்கள் டவுத்வெய்ட்டும் லின்டாட்டும் 1938-இலேயே குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். காரணம் 1971-இல்தான் விளங்கியது. ஆஸ்பிரினும் அதன் கூட்டாளிகளும் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே நிறுத்துகின்றன என்று ஜான் வேன் நிரூபித்தார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூட்டில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவது இந்த வகைப் பொருள்தான். இரைப்பையைக் காப்பதும் அதுதான். முழங்காலில் நிறுத்தினால் வயிற்றிலும் நிற்கும்.

ஆகவே, சோறு சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை பாதிதான் சரி. மாத்திரை சுவரில் பட்டு உண்டாக்கும் நேரடி எரிச்சல் குறையும். ஆனால் மருந்து ரத்தத்தில் கலந்து, ரத்தத்தின் வழியாக இரைப்பைச் சுவருக்குத் திரும்பி வந்து சேர்கிறது. குடலில் மட்டும் கரையும்படி பூச்சு பூசிய மாத்திரைக்கும் இது பொருந்தும், ஊசிக்கும் பொருந்தும்.

மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கக்கூடிய ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி. முழங்கால் தேய்மானம். மெடிக்கலில் தானே கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரையைக் காலையும் இரவும் இரண்டு மாதமாகப் போடுகிறார். இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. இவருடைய இரைப்பையில் முதல் சில நாட்களிலேயே மேலோட்டமான சிராய்ப்புகள் தோன்றியிருக்கும். பல சிராய்ப்புகள் ஆறிவிடும். ஆறாத ஒன்றில், கோழை மெலிந்து, பைகார்பனேட் குறைந்து, ரத்த ஓட்டமும் சுருங்கியிருப்பதால், அமிலமும் பெப்சினும் சேர்ந்து கீழே தோண்டுகின்றன. உட்சவ்வின் மெல்லிய தசை அடுக்கைத் தாண்டிக் குழி இறங்கிவிட்டால் அதற்குப் பெயர் அல்சர். குழி ஒரு ரத்தக் குழாயைத் தொட்டால் கசிவு ஆரம்பிக்கும். ஆஸ்பிரின் ரத்தத் தட்டுகளை முடக்கியிருப்பதால் கசிவு எளிதில் உறையாது.

இதில் கொடுமை என்னவென்றால், அவருக்கு வயிறு வலிக்காமலே இருக்கலாம். போடுவது வலி மாத்திரை அல்லவா? அவர் சொல்வதெல்லாம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அசதியாக இருக்கிறது என்பதுதான். கேட்டால்தான், மலம் தார் மாதிரி கறுப்பாக, ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றத்துடன் போவதைச் சொல்வார். இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் வராது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7. கிரியேட்டினின் சரியாக இருக்க, யூரியா மட்டும் ஏறியிருக்கிறது; குடலுக்குள் வழிந்த ரத்தம் புரத உணவைப்போல் செரிக்கப்பட்டதன் அடையாளம் அது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அகலக் குழி. அடிப்பகுதி வெள்ளை, நடுவில் ரத்தம் கசிந்த இடத்தில் கறுப்புப் புள்ளி.

அமிலம் அதிகமாகிவிட்டதால் புண் வந்தது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். இரைப்பைப் புண் உள்ள பலருக்கு அமிலம் வழக்கமான அளவிலோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கிறது. காரமான உணவும் காரணம் அல்ல. இருக்கும் புண்ணில் மிளகாய் எரிச்சல் தரலாம், புதிதாகப் புண்ணை உண்டாக்காது. பிறகு ஏன் ஒமிப்ரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள்? அது கவசத்தைச் சரிசெய்வதில்லை. தாக்குகிறவனை எட்டு வாரம் ஒதுக்கிவைக்கிறது. அதற்குள் சுவர் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. டைக்ளோஃபினாக்கை நிறுத்தாமல் இதை மட்டும் போட்டால், கட்டுவதும் இடிப்பதும் ஒன்றாக நடக்கும்.

மருத்துவர்கள் இன்னும் இரண்டு வேலை செய்வார்கள். ஒன்று, குழியின் ஓரத்திலிருந்து சதை எடுத்துச் சோதிப்பது. இரைப்பைப் புற்றுநோயும் சில சமயம் சாதாரணப் புண்ணைப்போலவே தெரியும். அதனால்தான் ஆறியதா என்று மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். மற்றொன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைத் தேடுவது. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனுக்கும் பேரி மார்ஷலுக்கும் 2005-இல் நோபல் வாங்கிக்கொடுத்த கிருமி அது. யூரியாவை உடைத்துத் தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தைச் சமாளிக்கிறது, அப்போது பி.எச். ஏறுவதால் பக்கத்திலுள்ள கோழை இளகி நீர்த்துப்போகிறது. அந்த வழியாக நீந்தி, அமிலம் எட்டாத ஆழத்தில் குடியேறி, சுவரில் அழற்சியை உண்டாக்குகிறது. நம் நாட்டில் இந்தக் கிருமி மிகச் சாதாரணம், உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லை. வலி மாத்திரையும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. ரத்தம் கசியும் நேரத்திலும், ஒமிப்ரசோல் சாப்பிடும்போதும், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம் என்பதால், பிறகு ஒருமுறை சோதிப்பது அவசியம்.

முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. அதற்குப் பாராசிட்டமால் உண்டு. டைக்ளோஃபினாக்கையே களிம்பாகப் பூசலாம். ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு. மாத்திரை இல்லாமல் முடியாது என்றால், ஒரே நேரத்தில் இரண்டு வகை வலி மாத்திரைகள் கூடாது, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கூடவே வேண்டும். இதய ஆஸ்பிரினைப் பயந்து தானாக நிறுத்திவிடக் கூடாது. அடைப்பு ஏற்கெனவே வந்தவர்களுக்கு, கசிவு அடங்கிய சில நாட்களிலேயே மருத்துவர்கள் அதைத் திரும்பத் தொடங்கிவிடுகிறார்கள்.