ஒரு நாள், ஏழு துளி இரத்தம்

எங்கள் அத்தைக்கு எட்டு ஆண்டுகளாக நீரிழிவு நோய். மாதம் ஒருமுறை வெறும் வயிற்றில் இரத்தம் சோதிப்பார். 110, 120 என்று வரும். "எனக்கென்னடா, கட்டுக்குள்தான் இருக்கிறது" என்பார். ஆனால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி சோதனையில் 7.6 விழுக்காடு வந்தது. காலையில் நல்ல கணக்கு, மொத்தத்தில் கூடுதல் கணக்கு. இடையில் ஒளிந்திருப்பது எது? இதைக் கண்டறியவே, அடுத்த முறை வரும்பொழுது ஒரு நாளின் ஏழு அளவுகளை எழுதிக்கொண்டு வருமாறு மருத்துவர் பணித்தார். அதனை உடனிருந்து செய்தவன் என்ற முறையில், செய்யும் வழியை இங்கே விளக்க முற்படுகிறேன்.

மூன்று வேளை உணவுக்கும் சற்று முன்பு ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, ஆக ஆறு. ஏழாவது, உறங்கப் போகும்பொழுது. இரவு உணவும் உறக்கமும் அடுத்தடுத்து வந்தால் ஏழாவதை விடியற்காலை மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. அத்தைக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் என்பது முதல் கவளத்தை வாயில் வைத்த நேரத்திலிருந்து கணக்கு. கை கழுவிய நேரத்திலிருந்து அன்று.

வீட்டிலுள்ள குளுக்கோமீட்டரே போதும். கையைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். துளி வரவில்லையென்று விரலை அழுத்திப் பிழியலாகாது. கையைத் தொங்கவிட்டால் தானே வரும். ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொண்டு, எடுத்தவுடன் டப்பாவை மூடிவிட வேண்டும். ஈரக்காற்று பட்டால் கணக்குத் தவறும்.

நாங்கள் இரண்டு இடங்களில் தவறினோம். காலை உணவுக்குப் பின் கருவி 318 என்று காட்டியது. அத்தை பதறிவிட்டார். சற்று முன்புதான் பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்திருந்தார்! கையைக் கழுவி மீண்டும் பார்த்தபொழுது 176. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறு செய்த வேலை அது. எதிர்பாராத எண் வந்தால், கையைக் கழுவி உடனே இன்னொருமுறை பார்ப்பதே வழி.

மற்றொரு தவறு பெரியது. 'இன்று சோதனை நாள்' என்று அத்தை அன்று மதியம் அரை வயிற்றுக்கே உண்டார். ஏழு எண்களும் அழகாக வந்தன. தாளைப் பார்த்த மருத்துவர், "தினமும் இப்படித்தான் சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்றார். அத்தை சிரித்துவிட்டார். வழக்கமான உணவு, வழக்கமான மாத்திரை, வழக்கமான வேலை - இவை மூன்றும் மாறாத நாளே சோதனைக்குரிய நாள்.

மறுமுறை எடுத்த பட்டியல் இது. எண்கள் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் மில்லிகிராம் அளவு.

காலை உணவுக்கு முன் 118, பின் 172.
மதிய உணவுக்கு முன் 126; பின் 264.
இரவு உணவுக்கு முன் 158, பின் 196.
விடியற்காலை மூன்று மணி 104.

இவற்றை இணை இணையாகப் படிக்க வேண்டும். காலை உணவு 54 ஏற்றியது. இரவு உணவு 38. மதிய உணவோ 138! அந்த ஏற்றம் முழுதும் இறங்காமலே இரவு உணவு வேளை வந்துவிட்டது. பொதுவாக உணவுக்கு முன் 80 முதல் 130 வரையும், பின் 180-க்குக் கீழும் இருத்தல் நலம் என்பர். முதியோர்க்கும் கருவுற்றோர்க்கும் மருத்துவர் வேறு வரம்பு வைப்பதுண்டு.

பட்டியலின் ஓரத்தில், உண்டதையும் நான் குறித்திருந்தேன். மதியம் சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை சோறு. பிறகு ஒரு மணி நேர உறக்கம். விடை அங்கே இருந்தது. மருத்துவர் இரவு மாத்திரையைக் கூட்டவில்லை. அத்தை உண்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை. அதைக் கூட்டியிருந்தால் விடியலில் 104 என்றிருந்தது அபாயமாகத் தாழ்ந்திருக்கக் கூடும். சோற்றைப் பாதியாக்கி, கூட்டையும் பொரியலையும் கூட்டி, உண்டபின் கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து, அதே மதிய அளவு 188.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. இடையில் எந்த அளவேனும் 70-க்குக் கீழே போனாலோ, வியர்த்து நடுங்கினாலோ, பட்டியலை ஒதுக்கிவிட்டு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். அந்த எண்ணையும் மறைக்காமல் எழுதுக. கூடுதலான எண்ணைக் கண்டு தாமாக மருந்தைக் கூட்டுவதும் கூடாது.

அத்தை இப்பொழுது வெறும் வயிற்று எண்ணை மட்டும் நம்புவதில்லை. "மத்தியானம் என்ன சொல்கிறது, பார்" என்று விரலை நீட்டுகிறார்.